வட்டி ஒரு புள்ளி குறைவு, செலவு 46,537 ராண்ட்: பாண்டை வங்கி மாற்றும் கணக்கு

தென்னாப்பிரிக்காவில் 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை 11.75 சதவீதத்தில் நின்ற, வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டியான பிரைம் விகிதம், அப்புறம் படிப்படியாக இறங்கி 2025 நவம்பரில் 10.25 சதவீதத்துக்கு வந்தது. வட்டி இறங்கும்போதெல்லாம், பாண்ட் என்று இங்கே சொல்லும் வீட்டுக் கடன் வைத்திருப்பவர்களுக்குத் தொலைபேசி அழைப்புகளும் வரும்: "உங்கள் பாண்டை எங்களிடம் மாற்றிக்கொள்ளுங்கள், வட்டி குறையும்." டர்பன் பக்கம் பல வீடுகளில் இப்போது இந்தப் பேச்சு ஓடுகிறது. சென்னையிலோ கோவையிலோ இருக்கும் உறவினர் "நாங்கள்கூடப் போன வருஷம் மாற்றிவிட்டோம், பெரிய செலவெல்லாம் இல்லையே" என்று சொல்லிவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகிறது. இங்கே செலவு உண்டு, அதுவும் சின்னச் செலவு இல்லை. அது எங்கிருந்து வருகிறது, எதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதைச் சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு வீட்டை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

## பிரைம் வேறு, உங்கள் வட்டி வேறு

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். பிரைம் இறங்கிவிட்டது என்பது வங்கி மாற்றுவதற்குக் காரணமே ஆகாது.

தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை நிர்ணயிக்கிறது. வணிக வங்கிகளின் பிரைம் அதைவிட 3.5 புள்ளி மேலே இருக்கிறது. ரெப்போ 6.75 என்றால் பிரைம் 10.25. உங்கள் பாண்ட் மாறும் வட்டியில் இருந்தால், உங்கள் வட்டி பிரைமோடு கட்டப்பட்டிருக்கும்: பிரைமுக்கு மேல் ஒன்று, பிரைமுக்குக் கீழ் அரை என்ற மாதிரி. பிரைம் இறங்கினால் பழைய வங்கியிலும் இறங்கும், புதிய வங்கியிலும் இறங்கும். ரெப்போ குறைப்பின் பலன் ஏற்கெனவே உங்கள் தவணையில் வந்து சேர்ந்திருக்கும்.

ஆக, வங்கி மாற்றினால் கிடைப்பது அந்த மேல்-கீழ் இடைவெளியில் உள்ள வித்தியாசம் மட்டும்தான். கடன் வாங்கிய நாளில் வங்கி உங்களை எவ்வளவு ஆபத்தான வாடிக்கையாளராகக் கருதியதோ, அதன் விலை அந்த இடைவெளி. முன்பணம் கட்டாமல் முழு விலைக்கும் கடன் வாங்கியிருந்தால், அல்லது வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தால், இடைவெளி அதிகமாக இருந்திருக்கும். ஐந்து வருடம் தவறாமல் கட்டி, கடன் குறைந்து, வீட்டின் மதிப்பும் ஏறியிருந்தால் நீங்கள் இப்போது அதே ஆள் இல்லை. ஆனால் பழைய வங்கி அதைத் தானாகக் கவனித்து வட்டியைக் குறைத்துத் தராது. பேரத்துக்கு இடம் இருப்பது இங்கேதான்.

## பதிவேட்டில் வங்கியின் பெயரை மாற்றி எழுதுவதற்கு ஏன் இவ்வளவு செலவு?

இந்தியாவில் பெரும்பாலும் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்து அடமானம் வைப்பார்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று அங்கே ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. உறவினர் பொய் சொல்லவில்லை, அவருடைய நாட்டு முறை அது.

இங்கே பாண்ட் என்பது டீட்ஸ் ஆபீஸ் என்ற சொத்துப் பதிவு அலுவலகத்தில் வங்கியின் பெயரில் பதிவான ஓர் உரிமை. குவாசூலு-நட்டால் வீடுகளுக்கு அந்த அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. வங்கி மாற்றும்போது நடைமுறையில் பழைய பாண்டை ரத்து செய்து, புதிதாக ஒன்றைப் பதிவு செய்கிறார்கள். ரத்துக்கு ஒரு வழக்கறிஞர், அவரைப் பழைய வங்கி நியமிக்கும். பதிவுக்கு இன்னொருவர், அவரைப் புதிய வங்கி நியமிக்கும். இருவருக்கும் பணம் கொடுப்பது நீங்கள்.

நமது உதாரண வீட்டின் நிலவரம் இது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள வீடு. பாக்கி 9 லட்சம் ராண்ட், இன்னும் 15 வருடம் இருக்கிறது. இப்போதைய வட்டி பிரைமுக்கு மேல் ஒன்று, அதாவது 11.25 சதவீதம். மாதத் தவணை 10,371 ராண்ட். புதிய வங்கி பிரைமுக்கே, 10.25 சதவீதத்துக்கே, தருகிறேன் என்கிறது. அதே 15 வருடத்துக்குத் தவணை 9,810 ராண்ட். மாதம் 561 ராண்ட் மிச்சம்.

செலவுகள் இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம்:

1. புதிய பாண்டைப் பதிவு செய்ய 35,000 ராண்ட். இதில் பெரும்பகுதி வழக்கறிஞர் கட்டணம். கடன் தொகை ஏற ஏற அதுவும் ஏறும், மேலே 15 சதவீத வாட் வேறு. டீட்ஸ் ஆபீஸ் கட்டணமும் சில்லறைச் செலவுகளும் மீதி.

2. பழைய பாண்டை ரத்து செய்ய 5,500 ராண்ட்.

3. புதிய வங்கியின் தொடக்கக் கட்டணம் 6,037 ராண்ட் 50 சென்ட். தேசியக் கடன் சட்டத்தின் கீழ் அடமானக் கடனுக்கு வாங்கக்கூடிய உச்சவரம்பு 5,250 ராண்ட், வாட் சேர்த்தால் இந்தத் தொகை. பெரும்பாலும் உச்சவரம்பையே கேட்பார்கள்.

மொத்தம் 46,537 ராண்ட். வீடு கைமாறாததால் டிரான்ஸ்ஃபர் டியூட்டி கிடையாது. நகராட்சியிடம் கிளியரன்ஸ் சான்றிதழ் வாங்கி அலையவும் வேண்டாம். மாதம் 69 ராண்ட் சேவைக் கட்டணம் இரண்டு வங்கியிலும் இருக்கும் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

## மறந்தால் 25,000 ராண்ட்

மேலே உள்ள பட்டியலில் இல்லாத ஒரு செலவு இருக்கிறது. அதைத் தவிர்ப்பது முழுக்க உங்கள் கையில்.

பாண்டை ரத்து செய்யப் போவதாகப் பழைய வங்கிக்கு 90 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், தேசியக் கடன் சட்டத்தின் 125ஆவது பிரிவின்படி, 90-க்குக் குறையும் நாட்களுக்கான வட்டியை வங்கி அபராதமாக வாங்கலாம். உச்சவரம்பு மூன்று மாத வட்டி. 9 லட்சத்துக்கு 11.25 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 277 ராண்ட், 90 நாளுக்குக் கிட்டத்தட்ட 25,000. முன்னறிவிப்பு கொடுத்து 60 நாளில் ரத்து நடந்தால் மீதி 30 நாளுக்கு 8,300 ராண்ட். ஒவ்வொரு நாளும் 277 குறைந்துகொண்டே போகும்.

இதில் ஆட்கள் இடறி விழும் இடம் ஒன்றுதான். புதிய வங்கியின் ஒப்புதல் வரட்டும், அப்புறம் கடிதம் கொடுக்கலாம் என்று காத்திருப்பார்கள். ஒப்புதல் வந்து, வழக்கறிஞர் கையெழுத்துக்குக் கூப்பிடும்போதுதான் கடிதமே போகும். பதிவு வேலை இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடக்கூடியது என்பதால், வேகமாக நடந்தால் அபராதம், நிறுத்தி வைத்தால் பழைய வட்டி. விண்ணப்பம் போடும் அன்றே முன்னறிவிப்பையும் கொடுத்துவிடுங்கள். மனம் மாறினால் நீங்கள் பாண்டை அப்படியே தொடரலாம், கடிதம் கொடுத்ததற்காகக் கடன் தானாக முடிந்துவிடாது. ஆனால் சில வங்கிகளில் கடிதம் சில மாதங்களில் காலாவதியாகும். எந்தத் தேதி வரை செல்லும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

## சரி, லாபமா நஷ்டமா?

எல்லோரும் போடும் கணக்கு இது: 46,537-ஐ 561-ஆல் வகுத்தால் 83 மாதம், ஏறக்குறைய ஏழு வருடத்தில் செலவு திரும்பி வந்துவிடும், மீதி எட்டு வருடம் லாபம். பார்க்க அழகான கணக்கு. ஆனால் இரண்டு பக்கமும் ஓட்டை. வட்டி குறைந்தால் அசல் கொஞ்சம் வேகமாகக் கரையும் என்பதை இது பார்ப்பதில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை, அந்த 46,537 ராண்ட் வேறு என்ன வேலை செய்திருக்கும் என்று இது கேட்பதே இல்லை.

அந்தப் பணம் கையில் இருக்கிறது என்றால், அதை அப்படியே பழைய பாண்டில் கட்டிவிடலாம். அங்கே அது வருடத்துக்கு 11.25 சதவீத வட்டியை மிச்சப்படுத்தும். நியாயமான ஒப்பீடு இதுதான்: இரண்டு வழியிலும் இன்று 46,537 ராண்ட் கையை விட்டுப் போகிறது, இரண்டு வழியிலும் மாதம் 10,371 கட்டுகிறோம். எந்த வழியில் கடன் முதலில் முடிகிறது?

கணினியில் எந்த விரிதாளிலும் இதைப் பத்து நொடியில் பார்க்கலாம். முதல் வரி பழைய வங்கியிலேயே இருந்து, பணத்தை அசலில் கட்டியவருக்கு. இரண்டாவது வரி வங்கி மாறி, பழைய தவணையையே தொடர்ந்து கட்டுபவருக்கு.

```
=NPER(11.25%/12,-10371,853463)
=NPER(10.25%/12,-10371,900000)
```

முதலாவது 158.2 மாதம். இரண்டாவது 158.9 மாதம். இருவருமே 159ஆவது தவணையில், பதின்மூன்றே கால் வருடத்தில், முடிக்கிறார்கள். தங்கியவருக்குக் கடைசித் தவணை சுமார் 2,000 ராண்ட், மாறியவருக்கு ஏறக்குறைய முழுத் தவணை. ஒரு முழுப் புள்ளி வட்டி குறைந்தும், வழக்கறிஞர்களுக்கும் வங்கிக்கும் கொடுத்த பணம் அதைத் தின்றுவிட்டது.

இடையில் வீட்டை விற்றால் நிலைமை இன்னும் மோசம். மூன்று வருடம் கழித்து உம்ஷ்லாங்கா பக்கமோ ஜொஹானஸ்பர்க்குக்கோ குடிபெயர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று தங்கியவரின் பாக்கி 752,500 ராண்ட், மாறியவரின் பாக்கி 787,400. மாறியவர் 34,900 ராண்ட் பின்தங்கி நிற்கிறார். செலவு முதல் நாளே போய்விடுகிறது, லாபமோ மாதாமாதம் துளித்துளியாக வருகிறது. அதனால் வீட்டில் எத்தனை வருடம் இருக்கப் போகிறீர்கள் என்பது வட்டி விகிதத்துக்கு நிகரான கேள்வி.

## கணக்கு எப்போது மாறும்?

இரண்டு சூழ்நிலைகளில் விடை தலைகீழாகிறது.

முதலாவது, புதிய வங்கி பதிவுச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வது. போட்டி அதிகமுள்ள காலங்களில் இது நடக்கிறது, கேட்டால்தான் நடக்கிறது. 35,000-இல் பாதியை வங்கி ஏற்றால் நம் செலவு 29,037 ராண்ட். அதே தொகையைப் பழைய பாண்டில் கட்டித் தங்கியவருக்கு இப்போது 165.9 மாதம் ஆகும், மாறியவருக்கு அதே 158.9. ஏழு தவணை, அதாவது சுமார் 72,000 ராண்ட் மாறியவருக்கு லாபம். ஒரு நிபந்தனையை மட்டும் ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்: குறிப்பிட்ட சில வருடங்களுக்குள் பாண்டை மூடினால் வங்கி கொடுத்த பங்கைத் திருப்பிக் கேட்கும் என்ற வரி பல இடங்களில் இருக்கும்.

இரண்டாவது, பழைய வங்கியே இறங்கி வருவது. இதை நான் முதலிலேயே செய்யச் சொல்வேன். புதிய வங்கியின் எழுத்துபூர்வமான சலுகையைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக் கடன் பிரிவில் வட்டி மறுபரிசீலனை கேளுங்கள். ரத்து முன்னறிவிப்பு போனதும் வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவிலிருந்து அவர்களே அழைப்பதும் உண்டு. அவர்கள் முழுப் புள்ளி தர மாட்டார்கள், அரைப் புள்ளி தருகிறார்கள் என்று வையுங்கள்: 10.75 சதவீதம். டீட்ஸ் ஆபீஸ் பக்கமே போக வேண்டாம், வழக்கறிஞர் வேண்டாம். மிச்சமான 46,537-ஐ அசலில் கட்டினால் 149.8 மாதத்தில் கடன் முடிகிறது. முழுச் செலவில் ஒரு புள்ளி குறைத்தவரைவிட ஒன்பது மாதம் முன்னால். செலவில்லாத அரைப் புள்ளி, செலவோடு வரும் ஒரு புள்ளியை இங்கே தோற்கடிக்கிறது. பாண்ட் ஏற்பாடு செய்து தரும் தரகு நிறுவனம் இதைச் சொல்லாது. அவர்கள் நம்மிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பது உண்மைதான், கமிஷனை வங்கி தருகிறது. ஆனால் புதிய பாண்ட் பதிவானால்தான் கமிஷன்.

கடன் தொகை பெரிதாக இருந்தால், பாக்கி வருடங்கள் அதிகமாக இருந்தால், வித்தியாசம் ஒன்றரைப் புள்ளிக்கு மேல் இருந்தால், முழுச் செலவோடும் மாறுவது லாபமாகலாம். உங்கள் எண்களை அந்த இரண்டு வரிகளில் போட்டுப் பாருங்கள்.

## தவணை குறைந்ததைக் கண்டு ஏமாற வேண்டாம்

கையில் 46,537 ராண்ட் இல்லை என்றால், "பரவாயில்லை, கடனிலேயே சேர்த்துவிடலாம், இருபது வருடமாகப் போட்டுவிடுவோம்" என்பார்கள். அப்போது கடன் 946,537, காலம் 240 மாதம், வட்டி 10.25. மாதத் தவணை 9,292 ராண்ட்டாக இறங்கும். பழையதைவிட ஆயிரத்துக்கு மேல் குறைவு. சம்பளம் இழுபறியாக இருக்கும் வீட்டில் இது பெரிய நிம்மதி, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மொத்தம் என்ன? பழைய வங்கியில் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் 180 தவணைகளில் 18 லட்சத்து 67 ஆயிரம் கட்டியிருப்பார்கள். இப்போது 240 தவணைகளில் 22 லட்சத்து 30 ஆயிரம். வட்டி குறைந்த கடனுக்கு 3 லட்சத்து 63 ஆயிரம் ராண்ட் கூடுதல். தவணை குறைந்ததில் பெரிய பங்கு ஐந்து வருடம் நீட்டியதால் வந்தது, குறைந்த வட்டியால் வந்தது கொஞ்சம்தான். சலுகைக் கடிதம் வந்ததும் முதலில் மாதங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 180 என்று இருக்க வேண்டிய இடத்தில் 240 இருந்தால், கையெழுத்துக்கு முன் மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. முன்கூட்டிக் கட்டிய பணத்தைத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் வசதி உங்கள் பாண்டில் இருந்தால், ரத்தானதும் அந்த வசதியும் போய்விடும். கட்டிய பணம் தொலைந்துபோகாது, பாக்கியைக் குறைத்திருக்கும். ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று அங்கே ஒதுக்கி வைத்திருந்தால், ரத்துக்கு முன்பே எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த அளவுக்குப் பாக்கி ஏறும், புதிய கடன் தொகையும் அதற்கேற்ப இருக்க வேண்டும் என்பதையும் விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

## மாறுவது என்று முடிவானால்

ஒப்புதல் வந்ததும் பழைய வங்கியிடமிருந்து ரத்துத் தொகை கேட்கப்படும். புதிய வங்கி அந்தத் தொகைக்கு உத்தரவாதம் கொடுக்கும். பிறகு ரத்து ஆவணமும் புதிய பாண்டும் ஒன்றாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குப் போய், ஒரே நாளில் பதிவாகும். சொத்து இருவருக்கும் பொதுவாகும் சமுதாயச் சொத்து முறையில் திருமணமானவர்கள் என்றால், வீடு ஒருவர் பெயரில் பேசப்பட்டாலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கப்பலிலோ வெளிநாட்டிலோ வேலையில் இருந்தால் இதை முதலிலேயே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். வேலை தேங்கி நிற்கும் இடங்களில் இது ஒன்று.

வீட்டுக் காப்பீடும் கடனுக்காக எடுத்த ஆயுள் காப்பீடும் பழைய வங்கியின் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். அவற்றைப் புதிய வங்கியின் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய வங்கி மூலமே எடுத்த வீட்டுக் காப்பீடு பாண்டோடு சேர்ந்து நின்றுவிடலாம். புதியது தொடங்கும் தேதி பதிவு நாளுக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது.

பதிவு முடிந்தது என்று வழக்கறிஞர் எழுத்தில் சொல்லும்வரை பழைய வங்கியின் டெபிட் ஆர்டரை நிறுத்தாதீர்கள். ஒரு தவணை தவறினால் அது கடன் வரலாற்றில் ஏறும், புதிய வங்கி ஒப்புதலைத் திரும்பப் பெறவும் இடம் கொடுக்கும். பதிவு மாதக் கடைசியில் விழுந்தால் இரண்டு வங்கிகளும் ஒரே மாதத்தில் பணம் எடுத்துவிடக்கூடும், அந்த மாதத்துக்கு ஒரு தவணைப் பணம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்துத் தொகையில் சில நாள் வட்டியைச் சேர்த்தே வங்கி கேட்டிருக்கும். பதிவாகி ஒரு மாதம் ஆனதும் பழைய பாண்டின் இறுதி அறிக்கையைக் கேட்டு வாங்கி, பாக்கி பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.